அப்பா பேரை இழுத்த கமெண்ட்

அண்ணா, வணக்கம். எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல்லை எடுக்கவில்லை, அதை ஃபேஸ்புக்கில் எழுதினேன். கூடப் படித்த நண்பன் வந்து ‘காயவைக்காமல் கொண்டுபோனால் எப்படி எடுப்பார்கள்’ என்று கமெண்ட் போட்டான். ஆத்திரத்தில் ‘உங்கப்பா கடனுக்கு நிலத்தை வித்த கதை ஊருக்கே தெரியும், நீ விவசாயம் பேசாதே’ என்று எழுதிவிட்டேன். பலர் சிரிப்புக் குறி போட்டார்கள். அவனும் கோபமாக ஒரு பதில் போட்டான், இப்போது போனை எடுப்பதில்லை. கமெண்டை அழித்துவிடவா?

அன்புள்ள தம்பி,

உடனே அழிக்காதீர்கள். உங்கள் வரியை மட்டும் எடுத்துவிட்டு அதற்கு அவர் கோபமாகச் சொன்ன பதில் அங்கேயே நின்றால், புதிதாகப் படிப்பவருக்கு அவர்தான் காரணமில்லாமல் கத்துவதுபோலத் தெரியும். பதிவையே நீக்கினால் அவர் எழுதியதும் சேர்ந்து போய்விடும், அவரைக் கேட்காமல். திருத்தினாலும் பழைய வாசகத்தை எடிட் ஹிஸ்டரியில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் முதலில் ஆளைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுத வேண்டாம். ‘ஒரு விஷயம் நேரில் சொல்லணும், எங்கே வரட்டும்’ என்று ஒரு வரி போதும். பொது நண்பர் யாரையும் கூட்டிப்போகாதீர்கள், அது பஞ்சாயத்தாகிவிடும், அவரால் உங்களிடம் கத்தக்கூட முடியாது. நேராக வீட்டுக்கும் போகாதீர்கள். திண்ணையில் அவர் அப்பா இருப்பார், அவர் காதுக்கு இது போயிருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. அப்பாவிடம் நீங்கள் பேசலாமா என்பதை மகனே சொல்லட்டும்.

பார்த்ததும் நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அதில் இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஐப்பசி மழையில் களம் கிடைக்காதவர் தார்ச்சாலையில்தான் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார், ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் சூடேறிக் கெட்டுப்போவதும் உண்மை. அது தீராவிட்டாலும் நட்புக்கு ஒன்றும் ஆகாது. அவரைத் தைத்தது அப்பா பேச்சு, அதுவும் நண்பன் என்பதால் உங்களுக்குத் தெரியவந்த கஷ்டத்தை நீங்களே நாலு பேர் நடுவில் கொட்டியது. ‘உனக்கு வருத்தமாக இருந்திருந்தால் மன்னிச்சுக்கோ’ என்று மழுப்பாமல், ‘உங்கப்பா நிலம் வித்ததை நான் எழுதியிருக்கக் கூடாது, தப்பு’ என்று செய்த தப்பையே சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். ‘நீயும்தானே ஆரம்பிச்சே’ என்று வாய்வரை வரும். அதைச் சொன்னால் அந்தக் கமெண்ட் சண்டை அங்கேயே மறுபடி தொடங்கிவிடும்.

அப்புறம் அவரிடமே கேளுங்கள், கமெண்டை என்ன செய்யட்டும் என்று. முழுப் பதிவையும் எடுக்கச் சொல்லலாம், அல்லது அவமானம் ஊர் பார்க்க நடந்ததால் ‘அவன் அப்பாவைப் பற்றி நான் எழுதியது தப்பு’ என்று அதே இடத்தில் ஒரு வரி கேட்கலாம். அப்படிக் கேட்டால் அந்த ஒரு வரிதான், ‘இப்போ சமாதானமாயிட்டோம்’ என்று படம் போடுவதெல்லாம் வேண்டாம். சிரிப்புக் குறி போட்டவர்களில் அவருக்கு நெருங்கியவர் இருந்தால், அந்த ஆளுக்குத் தனியாகப் போன் செய்து அந்தக் குறியை எடுக்கச் சொல்லுங்கள். இது பலருக்கும் தோன்றுவதில்லை, ஆனால் அந்தச் சிரிப்புதான் அதிக நாள் உறுத்தும்.

பார்க்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டால், அந்த மன்னிப்பை நாலு வரியில் எழுதி அனுப்பிவிட்டு, அப்பாவைப் பற்றிய வரியை நீக்கி, அதன் கீழே உள்ள அவர் பதிலை மட்டும் படிப்பவர் தப்பாக எடுத்துக்கொள்ளாதபடி ‘இங்கே தப்பாக எழுதியது நான், அதை நீக்கிவிட்டேன்’ என்று போடுங்கள். பிறகு அவராக வரும்வரை தொந்தரவு செய்ய வேண்டாம்.