வருகை நேரத்தைக் கால் மணிக்கு ரவுண்ட் செய்தால் கணக்கு ஏன் உதைக்கிறது?

கேள்வி: பஞ்சிங் நேரத்தைப் பக்கத்துக் கால் மணிக்கு ரவுண்ட் செய்து, அப்புறம் மொத்த மணி போடுகிறேன். எக்செலில் MROUND தான். ஆனால் மாதக் கடைசியில் சம்பள மென்பொருள் காட்டும் மணியும் என்னுடையதும் சில பேருக்கு மட்டும் கால் மணி, அரை மணி வித்தியாசப்படுகிறது. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் நொடியில்தான். நானும் இரண்டு மாதம் இதைத் தேடி அலைந்திருக்கிறேன்.

பஞ்சிங் மெஷினிலிருந்து இறக்கிய கோப்பில் நேரம் நொடியோடு வரும். செல்லின் வடிவமைப்பு மணி, நிமிடத்தோடு நின்றுவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை. ஒருவர் 9:07:40-க்கு உள்ளே வருகிறார், 17:38-க்கு வெளியே போகிறார் என்று வையுங்கள். திரையில் தெரிவது 9:07. கால் மணியின் சரிபாதி 7 நிமிடம் 30 நொடி என்பதால், MROUND 40-வது நொடியையும் பார்த்து அதை 9:15 ஆக்கிவிடும். பல சம்பள மென்பொருள்கள் நொடியை முதலிலேயே வெட்டிவிட்டு, 7 நிமிடம் வரை கீழே, 8-லிருந்து மேலே என்று போகும். அதற்கு இது 9:00. வெளியே போன நேரம் இரண்டிலும் 17:45 தான். ஆக உங்களுக்கு 8.5 மணி, மென்பொருளுக்கு 8.75. அந்த அரை நிமிட இடைவெளியில் பஞ்ச் விழுந்தவர்களுக்கு மட்டுமே இது நடக்கும். "சில பேருக்கு மட்டும்" என்று நீங்கள் சொல்வது அதனால்தான்.

சந்தேகமாக இருந்தால் செல்லின் வடிவமைப்பை `hh:mm:ss` என்று மாற்றிப் பாருங்கள்.

நான் இப்போது MROUND-ஐ விட்டுவிட்டு, நேரத்தை முழு நிமிடமாக்கி, அதிலிருந்து கால் மணிகளை எண்ணுகிறேன். B2 உள்ளே வந்த நேரம், C2 வெளியே போன நேரம்:

```
=IF(COUNT(B2:C2)<2,"",MOD(
 ROUND((HOUR(C2)*60+MINUTE(C2))/15,0)
-ROUND((HOUR(B2)*60+MINUTE(B2))/15,0),96)/4)
```

MINUTE நொடியைக் கண்டுகொள்ளாது. முழு நிமிடத்தை 15-ஆல் வகுத்தால் சரிபாதி என்ற நிலையே வராது, அதனால் ரவுண்ட் எந்தப் பக்கம் போகும் என்ற குழப்பமும் இல்லை. ஒரு நாளில் 96 கால் மணி என்பதால் MOD நைட் ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும்: 22:08-க்கு வந்து மறுநாள் 6:07-க்குப் போனால் 7.75 மணி. முன்னால் இருக்கும் COUNT-ஐ மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒருவர் வெளியே போகும்போது பஞ்ச் வைக்க மறந்தால், காலி செல்லை எக்செல் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். 9 மணிக்கு வந்தவருக்கு 15 மணி நேரச் சம்பளம் விழும். எனக்கு விழுந்தது, கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்று, வரிசை. ஒவ்வொரு பஞ்சையும் ரவுண்ட் செய்து கழிப்பதும், கழித்துவிட்டு விடையை ரவுண்ட் செய்வதும் ஒன்றல்ல. மேலே சொன்ன ஆளையே எடுங்கள்: நொடியை விட்டுவிட்டால் நிஜமாக இருந்தது 8 மணி 31 நிமிடம். முதல் முறையில் 8:45, இரண்டாவதில் 8:30. மென்பொருள் எந்த முறையில் போகிறது என்று அதன் அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஒத்துப்போன பிறகும் நான் இன்னொரு பத்தி வைத்திருக்கிறேன். மேலே உள்ள விடை D2-இல் இருந்தால், E2-இல் இப்படி:

```
=IF(D2="","",D2-MOD(C2-B2,1)*24)
```

கொடுத்த மணிக்கும் இருந்த மணிக்கும் உள்ள வித்தியாசம் இது. ரவுண்ட் செய்வது இரண்டு பக்கமும் சமமாக விழும் என்பார்கள். ஆட்கள் நேரம் தப்பாமல் வரும் இடத்தில் விழாது. நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு நிமிடம் தாமதமானாலும் மெமோ. அதனால் எல்லோரும் 8:53-லிருந்தே பஞ்ச் வைப்பார்கள், 18:00-க்கு மேல்தான் கிளம்புவார்கள். 8:53-க்கு வந்து 18:07-க்குப் போகிறவருக்கு 9 மணி மட்டுமே கணக்கு, 14 நிமிடம் போச்சு. 22 நாளில் 308 நிமிடம், ஐந்து மணி நேரத்துக்கும் மேல். அமெரிக்காவின் கூட்டாட்சி விதிகளில் 785.48 கால் மணி ரவுண்டை அனுமதிக்கிறது. ஆனால் நாளடைவில் உழைத்த நேரத்துக்குக் கூலி குறைந்துவிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

E பத்தியை ஆள்வாரியாகக் கூட்டுங்கள். சிலருக்கு ஏற்றமும் சிலருக்கு இறக்கமுமாக, பூஜ்யத்தைச் சுற்றி இருந்தால் சரி. எல்லோருக்கும் மைனஸ் என்றால், அந்தத் தாளோடு கணக்குப் பிரிவுக்குப் போய் நிமிடக் கணக்குக்கு மாறச் சொல்லுங்கள்.