தலைநகர் இல்லாத அணி

அன்புள்ள ஐயா,

தேசம் என்பது ஒரு கற்பிதம் என்று போன மாதம் உங்கள் உரையில் சொன்னீர்கள். பின்வரிசையில் இருந்து கேட்டேன். அது பொய் என்றால் கொடி ஏறும்போது எனக்கு ஏன் உடம்பு சிலிர்க்கிறது? இந்தியா இறுதிப் போட்டியில் தோற்ற அன்று அப்பா ராத்திரி சாப்பிடவே இல்லை. அதுவும் பொய்யா? தியேட்டரில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பது பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கே., தருமபுரி

அன்புள்ள கே.,

தியேட்டர் விஷயத்தை விடுங்கள். அங்கே கீதம் இசைப்பது கட்டாயமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இசைத்தால் எழுந்து நில்லுங்கள், காலுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் பொய் என்று நான் எப்போது சொன்னேன்? பின்வரிசையில் உட்கார்ந்து பாதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தப்பு முழுக்க உங்களுடையதும் அல்ல. ‘கற்பிதம்’ என்றாலே நம் காதில் கட்டுக்கதை என்றுதான் விழுகிறது. 1983இல் இந்தக் கருத்தை முன்வைத்த பெனடிக்ட் ஆண்டர்சன் இந்தோனேசியாவை ஆராய்ந்தவர். தேசியம் இட்டுக்கட்டப்பட்டது என்ற தொனியில் பேசிய இன்னொரு அறிஞர் கெல்னரோடு அவருக்கு இருந்த சண்டையே இதுதான். ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகும் கிராமத்தைத் தாண்டினால் எந்தச் சமூகமும் மனதில் கண்டதுதான் என்றார் அவர். தருமபுரியில் சாப்பிடாமல் படுத்த உங்கள் அப்பாவுக்கு, அதே ராத்திரி கான்பூரில் சாப்பிடாமல் படுத்தவரைத் தெரியாது. ஆனால் அப்படி ஒருவர் இருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இதில் பொய் எங்கே வந்தது?

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, அட்லஸில் புரிந்தது. 1983இல் ஏழாம் வகுப்பு. மேற்கிந்தியத் தீவுகள் 183ஐ எடுக்க முடியாமல் 140க்குச் சுருண்டதை ரேடியோவில் கேட்டுவிட்டு, மறுநாள் அந்த நாட்டைத் தேடினேன். முதுகு கிழிந்த அட்லஸ். கடலில் மிளகைச் சிதறியதுபோலப் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பெயர். ரிச்சர்ட்ஸ் ஆன்டிகுவா, ஹோல்டிங் ஜமைக்கா, கிரீனிட்ஜ் பார்படாஸ். கேப்டன் லாய்டின் கயானா தீவே இல்லை, தென் அமெரிக்கக் கரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரமே வகுப்பில் ஆசிரியர் மேற்கிந்தியத் தீவுகளின் தலைநகர் எது என்று கேட்டார். “அப்படி ஒரு நாடே இல்லை சார்” என்றேன். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனைச் சொல்லிக் காதைத் திருகினார். இன்றைக்கும் அந்தக் காது கொஞ்சம் வலிக்கிறது.

ஆசிரியரும் முழுக்கத் தப்பில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அப்படி ஒரு நாட்டை உண்டாக்கப் பார்த்தார்கள். 1958 ஜனவரியில் பத்துத் தீவுப் பகுதிகள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி பிறந்தது. கொடி இருந்தது, நீலத்தில் வெள்ளை அலைகளும் நடுவில் சூரியனும். பிரதமர் இருந்தார், தலைநகரும் இருந்தது, போர்ட் ஆஃப் ஸ்பெயின். 1961 செப்டம்பரில் ஜமைக்கா மக்கள் வாக்களித்து விலகினார்கள். பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம் என்றார் டிரினிடாடின் தலைவர் எரிக் வில்லியம்ஸ். 1962 மே 31 அன்று கலைத்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஃபிராங்க் வொரெல் தலைமையில் மேற்கிந்திய அணி நம்மை ஐந்துக்கு ஐந்து டெஸ்ட்டிலும் வென்றிருந்தது. நாடு கலைந்தது, அணி கலையவில்லை. அடுத்த வருஷம் இங்கிலாந்துக்குப் போய் 3-1 என்று ஜெயித்தது. கூட்டாட்சியின் கொடிக்காக இன்று யாரும் அழுவதில்லை. பனைமரமும் ஸ்டம்பும் போட்ட அணிக்கொடிக்கு அழுகிறார்கள். பன்னாட்டுப் போட்டிகளில் தேசிய கீதத்தின் இடத்தில் டேவிட் ரடரின் கலிப்சோ பாட்டு ஒலிக்கிறது. 1928இலிருந்து டெஸ்ட் ஆடி, கேட்டு, தோற்று, திட்டிச் சேர்ந்த பழக்கம் அது. முப்பது வருஷம் கழித்து வந்த அரசாங்கத்தால் நாலு வருஷத்தில் அதைப் பிடிக்க முடியவில்லை.

ரொம்ப உருகிவிடாதீர்கள். 1992 ஏப்ரலில் பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட். உள்ளூர்ப் பையன் ஆண்டர்சன் கம்மின்ஸை (அந்த ஆண்டர்சனுக்குச் சொந்தமில்லை) எடுக்கவில்லை என்று பார்படாஸ்காரர்கள் மைதானத்துக்கே வரவில்லை. மேற்கிந்தியர் என்ற நினைப்பு ஒரு பெயர்ப் பட்டியலில் வழுக்கி பார்படாஸ்காரராகிவிட்டது. கடைசி நாளில் தென்னாப்பிரிக்கா 2 விக்கெட்டுக்கு 122. இன்னும் 79 எடுத்தால் வெற்றி. ஆன்டிகுவாவின் ஆம்ப்ரோஸும் ஜமைக்காவின் வால்ஷும் பந்து வீச வந்தார்கள், 148க்கு எல்லாரும் அவுட். அந்த இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் இவர்கள் இருவருமே எடுத்தார்கள், பார்படாஸின் காலி நாற்காலிகளுக்கு முன்னால்.

அப்பாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த தடவை தோற்றால் ரசம் சாதமாவது போடுங்கள்.