d6 சிப்பாயை அடிப்பதற்கு முன்

“தென்காசியில் ஆடிய சதுரங்க ஆட்டம். வெள்ளையில் எனக்கு a2, c2, c3, e4 சிப்பாய்கள். கறுப்புக்கு a6, b7, d6, e5. ராஜா பக்கம் சமம். என் குதிரை f3-ல். இருவருக்கும் ராணி, யானைகள், வெள்ளைக்கட்ட பிஷப் உண்டு. இரட்டைச் சிப்பாயைக் காப்பதா, d6-ஐ அடிப்பதா?”

அண்ணாச்சி, முதலில் d5 கட்டத்தைப் பாருங்கள். கறுப்பு d6-d5 தள்ளிவிட்டால் அவருடைய பின்தங்கிய சிப்பாய் தீர்ந்துபோகும். உங்கள் a2, c2, c3 மூன்றும் துணையில்லாமல் அப்படியே நிற்கும். ஆகவே c3-c4 ஆடுங்கள். இரட்டைச் சிப்பாய்க்கு இங்கே இதுதான் வேலை. c4-ஐ கறுப்பு யானை தாக்கும், c2-வால் அதைக் காக்க முடியாது, சரி. குதிரையை d2, f1 வழியாக e3-க்குக் கொண்டுவந்தால் c4, d5 இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும். அப்புறம் பிஷப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள், d5-க்குப் போட்டி குறையும்.

நம்ம நெல்லைப் பக்கத்து ஆட்டங்களில் பலரும் குதிரையை d5-ல் வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கே நிற்கும்போது அது உங்கள் யானையின் வழியையே அடைக்கிறது. குதிரை e3-ல் இருக்கும்வரைதான் யானைகள் d6-ஐ அழுத்தும். d5-ல் குதிரை வெட்டப்பட்டால் சிப்பாயால் திருப்பி வெட்டாதீர்கள். d6 அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். c4-ஆல் வெட்டினால் c2-வும் தனியாக அடிவாங்கும். யானையாலோ ராணியாலோ வெட்டுங்கள்.

கறுப்பு d5 தள்ளும் வாய்ப்பு இருக்கும்வரை ராணிகளை மாற்ற வேண்டாம். முடிவாட்டத்தில் a2-வும் c சிப்பாய்களும்தான் முதலில் விழும்.