கலவட்டம் ஒரு பக்கத்தில்: வட்டத்தை எப்படிக் கீறுவது?

"வந்தாறுமூலையில் முதலாம் வருடம். கலவட்டத்தை ஒரே தாளில் படமாகக் கீறினேன். இழையுருப்பிரிவே முக்கால் வட்டத்தைப் பிடிச்சிட்டுது, நிறமூர்த்த எண்ணிக்கையும் குழம்புது."

வட்டத்தை நேரத்துக்கு அளந்து கீறுங்க. வளர்ப்பூடகத்தில் வளரும் மனிதக் கலத்துக்குச் சுமார் 24 மணித்தியாலம் என்று வச்சால், ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை. ஜி1 11 மணி, 165 பாகை. எஸ் 8 மணி, 120 பாகை. ஜி2 4 மணி, 60 பாகை. இழையுருப்பிரிவு நடக்கிற எம் ஒரு மணிதான், வெறும் 15 பாகை. அந்த ஒல்லித் துண்டுக்குள் நாலு அவத்தையும் அடங்காது. அதிலிருந்து ரெண்டு கோடு வெளியே இழுத்து, தாளின் வலப்பக்கத்தில் பெருப்பிச்சுக் கீறுங்க. கலவகைக்கு ஏற்ப நேரம் மாறும், முக்கியமா ஜி1. அதையும் ஓரத்தில் எழுதுங்க.

குழப்பம் வாறது எஸ் அவத்தையில்தான். அங்கே இரட்டிப்பது டிஎன்ஏ, நிறமூர்த்த எண்ணிக்கை இல்லை. எண்ணும்போது மையப்பாத்தை எண்ணுங்க: ஒரு மையப்பாத்து, ஒரு நிறமூர்த்தம். டிஎன்ஏ அளவை C என்று எழுதுவோம், இரட்டிக்காத ஒரு தொகுதி நிறமூர்த்தத்தின் டிஎன்ஏ 1C. ஜி1இல் 46 நிறமூர்த்தம், டிஎன்ஏ 2C. எஸ் முடிய அதே 46தான், ஆனால் அரைநிறவுரு 92, டிஎன்ஏ 4C. அனுவவத்தை வரைக்கும் இது மாறாது. மேன்முகவத்தையில் அரைநிறவுருக்கள் பிரிஞ்சு ஒவ்வொன்றும் தனி நிறமூர்த்தமாகும். அப்ப கலத்துக்குள் 92, டிஎன்ஏ இன்னும் 4C. கலம் ரெண்டாகப் பிரிஞ்ச பிறகே ஒவ்வொன்றிலும் 46, 2C.

இந்த ரெண்டு எண்ணையும் வட்டத்தின் வெளிவிளிம்பில் ரெண்டு நிறத்தில் எழுதுங்க. நிறமூர்த்த எண் எஸ்ஸில் மாறியிருந்தால் படம் பிழை.