முதல் நாள் 310 பார்வை: வீடியோ தோற்றுவிட்டதா?

கேள்வி: பண்ணைக் கருவி, வீட்டுச் சாமான் வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லும் சிறிய யூடியூப் சேனல் நடத்துகிறேன். கடைசிப் பத்து வீடியோக்களின் முதல் நாள் பார்வைகள் இவை: 410, 365, 520, 280, 480, 5,150, 340, 610, 455, 390. சராசரி 900 வருகிறது. மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரத்தைப் பற்றிய புதிய வீடியோவுக்கு முதல் நாள் கணக்கில் 310 மட்டுமே. எப்போதும் பிற்பகல் 2 மணிக்குப் போடுவேன். இம்முறை வேலை முடியத் தாமதமாகி சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் போட்டேன். மறுநாள் காலை 8 மணிக்குப் பார்த்தால் பத்தில் ஒன்பதாவது இடம் என்று யூடியூப் ஸ்டுடியோ காட்டியது. அன்று இரவு 9 மணிக்கு 424 ஆகியிருந்தது. 4,500 ரூபாய் கட்டினால் 10,000 பார்வை ஏற்றித் தருவதாக ஒரு விளம்பர நிறுவனத்தார் சொல்கிறார்கள். இரண்டு நாளுக்குள் ஏற்றாவிட்டால் வீடியோ எழவே எழாதாம். கட்டலாமா?
— ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: கட்டாதீர்கள். உங்கள் வீடியோ தோற்கவில்லை, வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியனுப்பிய எண்களே அதைச் சொல்கின்றன.

முதலில் அந்த 900. பத்து எண்களையும் கூட்டினால் 9,000. அதில் 5,150 ஒரே வீடியோவுக்குச் சொந்தம். அது என்ன வீடியோ என்று நீங்கள் எழுதவில்லை. எல்லைப் பக்கத்தில் ஓணத் தள்ளுபடிக் காலத்தில் மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டி என்று ஏதாவது போட்டிருந்தால் இந்த அளவு வந்திருக்கும். காரணம் எதுவாக இருந்தாலும், மற்ற ஒன்பதில் ஒன்றுகூட 900-ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். மிக அதிகமானதே 610தான். உங்கள் சேனலில் நடக்காத ஒன்றை உங்கள் சேனலின் வழக்கம் என்று அந்தச் சராசரி சொல்லியிருக்கிறது.

வழக்கத்தை அறிய எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள்: 280, 340, 365, 390, 410, 455, 480, 520, 610, 5,150. கீழே இரண்டையும் மேலே இரண்டையும் தள்ளிவிட்டால் நடுவில் ஆறு மிஞ்சும். 365 முதல் 520 வரை. இதுதான் உங்கள் சேனலின் இயல்பான வீச்சு. ஸ்டுடியோவில் ஒரு வீடியோவின் வரைபடத்தைத் திறந்தால் கோட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரியுமல்லவா, அது காட்டுவதும் இதைப் போன்ற வழக்கமான வீச்சைத்தான். ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. எந்த வீடியோ பட்டையை விட்டு வெளியே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

சரி, 310 அந்த வீச்சுக்குக் கீழேதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் உங்களைக் குழப்பிய விஷயம் இருக்கிறது. யூடியூப் புள்ளிவிவரத்தில் நாள் என்பது நம் ஊர் நாள் அல்ல. அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் நாள் மாறுகிறது. அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில், அதாவது மார்ச் நடுப்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை, நமக்கு அப்போது பகல் 12:30. மற்ற மாதங்களில் 1:30.

இப்போது கணக்கிடுங்கள். பிற்பகல் 2 மணிக்குப் போட்ட பழைய வீடியோவுக்கு, கோடைக்கால நேரத்தில், மறுநாள் 12:30 வரை இருபத்திரண்டரை மணி நேரம் முதல் நாள் கணக்கில் விழுந்திருக்கிறது. இரவு 9 மணிக்குப் போட்ட புதிய வீடியோவுக்குக் கிடைத்தது பதினைந்தரை மணி நேரம். அதிலும் முக்கால் இரவு நம் ஆட்கள் தூங்கிவிட்டார்கள். ஏழு மணி நேரம் குறைவாகக் கிடைத்த வீடியோவை முழு நாள் கிடைத்தவற்றோடு நிறுத்திப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே உள்ள சரியான எண் 424. இரவு 9 முதல் மறுநாள் இரவு 9 வரை முழு 24 மணி நேரம். அது 365-க்கும் 520-க்கும் நடுவில் நிற்கிறது. பழைய வீடியோக்களுக்கும் மீதி ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்தால் வீச்சின் இரு முனைகளும் சற்று உயரும். அப்போதும் 424 உள்ளேயே இருக்கும்.

காலையில் பார்த்த ஒன்பதாவது இடத்துக்கும் ஏறத்தாழ இதே காரணம்தான். "Ranking by views" என்று வரும் அந்தப் பட்டியல் வீடியோக்களை ஒரே வயதில் வைத்து ஒப்பிடுகிறது. அது நேர்மையான முறை. உங்கள் வீடியோவின் பதினோராவது மணியில், மற்றவை தங்கள் பதினோராவது மணியில் எவ்வளவு பெற்றிருந்தன என்று பார்க்கிறது. ஆனால் மற்றவற்றின் முதல் பதினொரு மணி நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நள்ளிரவு ஒன்று வரை. பால் கறந்து சொஸைட்டியில் ஊற்றிவிட்டு, சாப்பிட்டுப் படுக்கும்வரை மக்கள் கைப்பேசியைப் பார்க்கும் நேரம் முழுவதும் அதில் அடக்கம். உங்கள் புதிய வீடியோவின் முதல் பதினொரு மணி நேரமோ இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டு. வயது ஒன்றுதான், பொழுது வேறு. ஒரு பகலும் ஓர் இரவும் எல்லா வீடியோவுக்கும் முழுதாகக் கிடைப்பது 24-வது மணியில்தான். அதற்கு முன் தெரியும் இடத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், பணம் செலவழிக்கும் முடிவை நிச்சயமாக எடுக்காதீர்கள்.

இடத்தைப் பற்றி இன்னொன்று. உங்கள் வரிசையில் எட்டாவது பெரிய எண் 365, நான்காவது 480. இடையில் 115 பார்வைதான். பத்தில் நான்கு என்றால் மகிழ்ச்சி, பத்தில் எட்டு என்றால் வருத்தம் என்று தோன்றும். இரண்டும் ஒரே வீச்சுக்குள் கிடக்கின்றன. எனவே இடத்தைப் பார்க்காமல், வீச்சுக்கு உள்ளேயா வெளியேயா என்று மட்டும் பாருங்கள். முழு 24 மணி நேரக் கணக்கை ஸ்டுடியோவே தரும்: கணினியில் புள்ளிவிவரப் பக்கத்தின் "Advanced mode" திறந்து, ஒப்பிடும் வசதியில் "First 24 hours video performance" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷார்ட்ஸ் போட்டிருந்தால் அவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், ஒரு பார்வை என்று எண்ணப்படுகிறது. இரண்டையும் கலந்தால் வீச்சுக்கு அர்த்தமே இருக்காது.

நாளை ஒரு வீடியோ உண்மையாகவே 24 மணி நேரத்தில் 250-இல் நின்றுவிட்டால் என்ன செய்வது? அப்போது இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். தம்ப்நெயில் எத்தனை முறை மக்கள் கண்ணில் பட்டது என்பது ஒன்று, பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தொட்டார்கள் என்பது மற்றொன்று. இவை பார்வைக் கணக்கைப்போல உடனே வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். வழக்கமான அளவு கண்ணில் பட்டும் தொட்டவர்கள் குறைவு என்றால் தலைப்பிலோ படத்திலோ குறை. அவற்றை மாற்றிப் பார்க்கலாம், செலவு கிடையாது. தொட்ட விகிதம் வழக்கம்போல் இருந்து, கண்ணில் பட்டதே குறைவு என்றால் யூடியூப் இன்னும் பரவலாகக் காட்டவில்லை என்று பொருள்; அப்போது படத்தை மாற்றுவது வீண். விகிதம் இறங்கியிருந்தும் பார்வை வீச்சுக்கு மேலே போயிருந்தால் பதற வேண்டாம். உங்களை அறியாத புதியவர்களுக்கும் வீடியோ காட்டப்படுகிறது, அவர்கள் சந்தாதாரர்களைப்போல உடனே தொடமாட்டார்கள்.

பொருள் வாங்கும் வீடியோக்களுக்கு முதல் நாள் முழுக் கதையைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். தீவனம் நறுக்கும் இயந்திரம் வாங்க நினைப்பவர், வாங்கும் வாரத்தில்தான் தேடுவார். அது அடுத்த மாதமாகவும் இருக்கலாம். ஓணத் தள்ளுபடி வீடியோவோ முதல் வாரத்திலேயே தன் ஆயுளைக் கரைத்துவிடும். இரண்டையும் முதல் நாளில் ஒப்பிட்டால் தள்ளுபடிதான் வெல்லும். அதனால் 28-வது நாளுக்கும் இதேபோல் ஒரு வரிசை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 4,500 ரூபாய். வெளியாரிடம் பார்வை வாங்குவது யூடியூப் விதிகளுக்கு முரணானது. போலி என்று கண்டால் பார்வைகளைக் கழித்துவிடுவார்கள், வீடியோவை நீக்கவும் கூடும். "இரண்டு நாளுக்குள்" என்ற அவசரத்துக்கு அடிப்படை இல்லை. உங்களை யோசிக்கவிடாமல் செய்வதற்காகச் சொல்லப்படும் பேச்சு அது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்த 10,000 உங்கள் பத்து எண்களில் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். கூலிக்கு வந்த அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடுத்து வரும் ஒன்பது வீடியோவும் சோர்ந்து தெரியும், மறுபடியும் ஏற்றித் தரவா என்று அவர்களே தொலைபேசியில் வருவார்கள். எது நன்றாகப் போகிறது என்று அறிய உங்களிடம் இருந்த ஒரே அளவுகோலைப் பணம் கொடுத்துக் கெடுத்துக்கொள்வதாக ஆகிவிடும்.

ஸ்டுடியோவிலேயே விளம்பரம் செய்யும் வசதி இருக்கிறது, அது விதிக்கு உட்பட்டதுதான். அதில் வரும் பார்வை "YouTube advertising" என்று தனியாகத் தெரியும் என்பதால் கழித்துப் பார்க்கவும் முடியும். ஆனால் வருமானத் திட்டத்துக்குத் தேவையான 4,000 மணி நேரக் கணக்கில் விளம்பரத்தால் வந்த நேரம் சேராது. அதற்காக நினைத்திருந்தால் அதுவும் வேண்டாம்.

முன்பணம் எதுவும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் வேலையைத் தொடங்க வேண்டாம் என்று இன்றே எழுத்தில் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அடுத்த வீடியோவைப் பழையபடி பிற்பகல் 2 மணிக்கே போடுங்கள். மறுநாள் 2 மணிவரை ஸ்டுடியோவைத் திறக்க வேண்டாம்.