பழுப்பு முட்டையும் நாட்டு முட்டையும்

“கடையில் ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று பழுப்பு முட்டைகளை இரு மடங்கு விலைக்குத் தருகிறார்கள். மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறம். நம்பி வாங்கலாமா?”

வணக்கம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. கூண்டில் வளரும் பண்ணை இனங்களிலும் பழுப்பு முட்டையிடுபவை உண்டு. மஞ்சள் கருவின் நிறமோ தீவனத்திலிருந்து வருவது. மக்காச்சோளமும் கீரையும் தின்றால் கரு அடர்ந்த நிறம் பெறும் என்பது உண்மைதான், ஆனால் செண்டுமல்லிச் சாற்றைத் தீவனத்தில் கலந்தும் அதே நிறத்தைக் கொண்டுவரலாம் என்பதால், அது மேய்ச்சலுக்குச் சான்றாகாது.

நான் பார்ப்பது எடையையும் சீரின்மையையும். நாட்டு முட்டை பெரும்பாலும் 35 முதல் 45 கிராம் வரை இருக்கும். ஒரே தட்டில் வெளிர் நிறமும் இளம்பழுப்பும், சிறிதும் பெரிதும் கலந்திருக்கும். எல்லாம் ஒரே அடர்பழுப்பில் 55 கிராமுக்கு மேல் இருந்தால், அவை பண்ணை இனத்தின் முட்டைகளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத்துணியால் தேய்க்கும்போது நிறம் திட்டுத்திட்டாகக் கரைந்தால் சாயமேற்றியதாகச் சந்தேகிக்கலாம்.

‘ஒமேகா-3 செறிவூட்டியது’ என்பது வேறு வகை: ஆளிவிதை போன்றவற்றைத் தீவனத்தில் சேர்த்துப் பெறுவது. ஒரு முட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிடாவிட்டால் அதற்குக் கூடுதல் விலை தர வேண்டாம். ‘மேய்ச்சல் முட்டை’ என்றால், கோழிகள் நாளில் எவ்வளவு நேரம் வெளியே திரிகின்றன என்று விற்பவரிடமே கேளுங்கள்.