வேலை போனபின் அறுபது நாட்கள்: எச்-1பி கேள்வி பதில்

பெருந்துறையிலிருந்து ஒரு தந்தை: மகன் டாலஸில் எச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவில் இருக்கிறான். மார்ச் 14-ஆம் தேதியோடு வேலை முடிந்துவிட்டது. எட்டு வாரச் சம்பளத்தை இழப்பீடாகத் தந்திருக்கிறார்கள். வேலை போனபின் அங்கே தங்கி அடுத்த வேலை தேட அறுபது நாள் உண்டாம்; அந்த எட்டு வாரம் கழிந்த பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும் என்கிறான். பாஸ்போர்ட்டில் விசா 2027 டிசம்பர் வரை இருக்கிறது. அவசரப்பட வேண்டியதில்லைதானே?

அவசரப்பட வேண்டும், ஐயா. பணியில் இருந்ததற்கான சம்பளம் கடைசியாக எந்த நாளுக்குக் கணக்கிடப்பட்டதோ, அதற்கு மறுநாளே அறுபது நாள் தொடங்கிவிடுகிறது. பிரிவு இழப்பீடு எத்தனை வாரத்துக்கு வந்தாலும் கணக்கு தள்ளிப்போகாது. மார்ச் 15 முதல் நாள் என்றால் மே 13 அறுபதாவது நாள். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆனால் சம்பளப் பட்டியலில் இன்னும் வைத்திருக்கும் நிலை மட்டும் வேறு. அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வழக்கறிஞர்களே ஒத்துப்போவதில்லை. தங்கள் மகன் விஷயம் அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. பாஸ்போர்ட்டில் ஒட்டியுள்ள விசா அந்த நாட்டு வாசலுக்கு வர உதவும் சீட்டு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 என்னும் பதிவுதான் சொல்கிறது. அறுபது நாள், ஐ-94 முடியும் நாள் ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதுவே எல்லை. மகனிடம் ஐ-94-இன் தேதியை இன்றே கேட்டுச் சொல்லுங்கள்.

அவரே மறுபடியும்: ஐ-94-இல் ஏப்ரல் 30 என்று இருக்கிறதாம். கம்பெனி வாங்கித் தந்த அனுமதிக் கடிதத்தில் 2027 வரை என்று தெளிவாக இருக்கிறதே?

கடைசியாக ஊருக்கு வந்து திரும்பியபோது மகனின் பழைய பாஸ்போர்ட் ஏப்ரல் 30-உடன் முடிவதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94-ஐயும் நிறுத்திவிடுவது வழக்கம். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. நியூஜெர்சியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மனுக்கள் தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில், அனுமதிக் கடிதத்தை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்தவர்களிடம் நாங்கள் முதலில் கேட்டது இந்த ஐ-94-ஐத்தான். கடிதம் வந்த பிறகு வெளிநாடு போய்த் திரும்பியிருந்தால், கடைசி நுழைவில் கொடுத்த ஐ-94-ஐயே நம்ப வேண்டும்.

ஆகவே தங்கள் மகனின் எல்லை மே 13 அல்ல, ஏப்ரல் 30. அதற்குள் அவரை எச்-1பி-யில் அமர்த்தக் கேட்டுப் புதிய நிறுவனம் போடும் ஐ-129 மனு குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மனு முடிவாக வேண்டியதில்லை. துறை அதைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்தே அவர் புதிய இடத்தில் வேலை செய்யலாம். ஆனால் அந்த மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையில் சம்பளம் பற்றிய ஒரு விண்ணப்பம் சான்று பெற வேண்டும், அதற்கே ஏழு வேலை நாட்கள் போய்விடும். ஆவணம் திரட்டவும் கையெழுத்து வாங்கவும் இன்னும் ஒரு வாரம் வையுங்கள். ஏப்ரல் 10-ஐ ஒட்டி வேலை உறுதியானால்தான் நிதானமாகச் செய்யலாம். 25-ஆம் தேதி உறுதியாகும் வேலையால் பயன் மிகக் குறைவு. கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளை இப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அலுவலகக் கணக்கு மூடப்பட்ட பின் அவற்றைக் கேட்டு அலைவது வீண் வேலை.

பொள்ளாச்சி, இப்போது சியாட்டிலில்: அக்கா, அந்த ஐயா எதற்குப் பதற வேண்டும்? சுற்றுலா நிலைக்கு மாறுவதாக ஐ-539 என்னும் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் ஆறு மாதம் இருந்து வேலை தேடலாம், கிடைத்த அன்றே சேரலாம். என் நண்பன் அப்படித்தான் செய்தான்.

பாதி சரி, தம்பி. எல்லை நாளுக்குள் போட்டால் முடிவு வரும்வரை அங்கே இருக்கலாம். பார்வையாளராக இருந்து வேலை தேடுவதையும் நேர்காணலுக்குப் போவதையும் துறையே அனுமதிக்கிறது. கிடைத்த அன்றே சேரலாம் என்பதுதான் தவறு. அறுபது நாள் தாண்டிய பிறகு வரும் எச்-1பி மனுவுக்கு, துறை பெற்றுக்கொண்டதும் வேலையில் சேரும் வசதி கிடையாது. மனு ஏற்கப்பட்டு நிலை மாறிய பின்னரே சேர முடியும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் 15 வேலை நாட்களில் ஏதாவது ஒரு பதில் வரும். அதற்குள் ஐ-539 மறுக்கப்பட்டால் இந்த மனுவும் நிலைமாற்றத்தில் தடுமாறும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் புறப்பட்டால் அதைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். நண்பருடைய மனு எந்த நாளில் போனது என்று கேட்டுப் பாருங்கள். அறுபது நாளுக்குள் போயிருந்தால் ஐ-539-க்கும் அவர் வேலையில் சேர்ந்ததற்கும் தொடர்பே இல்லை.

சரவணம்பட்டியிலிருந்து, தங்கைக்காக: மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. தங்கை அவரைச் சார்ந்து எச்-4 என்னும் குடும்பத்தார் நிலையில், தனி வேலை அனுமதி அட்டையோடு பணிக்குப் போகிறாள். அவள் வேலையை விட்டுவிட வேண்டுமா?

அவர் நிலை நிற்கும்வரை தங்கையின் நிலையும் குழந்தைகளின் நிலையும் நிற்கும். அது முடிந்தால் அட்டையில் என்ன தேதி இருந்தாலும் பயனில்லை. இந்த அறுபது நாளுக்குள் தங்கை வேலை செய்யலாமா என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. வேறு வகையில் அனுமதி இல்லாதவர் இக்காலத்தில் வேலை செய்யக் கூடாது என்பதே விதியின் வாசகம். தங்கையின் அட்டை அந்த ‘வேறு வகை அனுமதி’தான் என்று படிப்பவர்களே மிகுதி, நானும் அவர்கள் பக்கம். ஆனாலும் எழுத்தில் ஒரு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்றுக்கொள்வது நல்லது.

திருப்பூர்: எனக்கு சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸ். வேலை முடிந்தால் எனக்கும் அறுபது நாள்தானே?

இல்லை, அது வேறு நாட்டுச் சட்டம். அங்கே நிறுவனம் பாஸை ரத்து செய்யும்போது பொதுவாக 30 நாட்கள் வரையிலான குறுகிய கால அனுமதி தருவார்கள். அதில் வேலை செய்ய முடியாது. இங்கே எழுதியுள்ள நாள் கணக்கு எதையும் உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கோபிசெட்டிபாளையம்: இரண்டு மாதச் செலவை அங்கே எதற்குச் செய்வது, ஊருக்கு வந்துவிடு, வேலை கிடைத்ததும் திரும்பிப் போ என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஏற்கெனவே குலுக்கலில் தேர்வாகி எச்-1பி பெற்றவர் மீதமுள்ள காலத்துக்குத் திரும்பி வர, மறுபடியும் குலுக்கலுக்குப் போக வேண்டியதில்லை; அது இப்போதும் உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 21 முதல் அமலுக்கு வந்த அமெரிக்க அதிபரின் பிரகடனத்தின்படி, நாட்டுக்கு வெளியே இருந்து, செல்லுபடியாகும் எச்-1பி விசாவும் கையில் இல்லாதவருக்குப் புதிதாக மனு போடும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும். உள்ளே இருந்தபடியே நிறுவனம் மாறுபவருக்கு அது பொருந்தாது. இதன் மேல் வழக்குகளும் இருக்கின்றன. எனவே தம்பியின் விசா முத்திரை எப்போது முடிகிறது என்று பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம். வரத்தான் வேண்டும் என்றால், நிறுவனமே வேலையை விட்டு நீக்கியிருக்கும்பட்சத்தில் அவருடைய திரும்பும் பயணச் செலவை அந்த நிறுவனம் ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. குடும்பத்தாருக்கு அது இல்லை. ராஜினாமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவருக்கும் இல்லை.

நாமக்கல்: 2014 முதல் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். வேலை போனால் வரிசையில் என் இடமும் போய்விடுமா?

நிறுவனம் உங்களுக்காகப் போட்ட ஐ-140 என்னும் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருந்தால் போகாது. மோசடி போன்ற காரணம் இல்லாதவரை 2014 என்னும் அந்தத் தேதி உங்களுடையதே. அடுத்த நிறுவனம் போடும் மனுவுக்கும் அது கூடவே வரும். ஐ-140 ஏற்கப்பட்டு 180 நாட்கள் கடந்திருந்தால், பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும், ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் எச்-1பி நீட்டிக்க அது கைகொடுக்கும். 180 நாட்களுக்குள் திரும்பப் பெற்றால் தேதி மட்டுமே மிஞ்சும், நீட்டிப்புக்குப் புதிய நிறுவனம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஐ-140 அனுமதிக் கடிதம் நிறுவனத்தின் பெயருக்கு வருவது என்பதால் பலரிடம் நகலே இருப்பதில்லை. வேலை முடிவதற்குள் நகல் கேளுங்கள். தர மறுத்தால் ரசீது எண்ணையாவது எழுதி வாங்கிவிடுங்கள்.